டாலரன்ஸ், எக்ஸெப்ஷன், ஸ்டேஜ் எல்லை: கடலூர் ஐஸ் கம்பெனி ஒன்றை வைத்துச் சில கேள்வி பதில்கள்

புதுச்சேரியில் சனிக்கிழமை தோறும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பு எடுக்கிறேன். பிஎம்பாக் வழியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இங்கிலாந்துக்காரர்களின் வேலை கைக்கு வந்ததும் பிரின்ஸ்2 பக்கம் திரும்புகிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்தான்: கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் கம்பெனியைப் புதுப்பிக்கும் வேலை. கம்பெனியும் கணக்கும் வகுப்புக்காக நான் உண்டாக்கியவை. மீன்பிடித் தடைக்காலம் மட்டும் நிஜம்.

பிரின்ஸ்2, பிஎம்பாக் ரெண்டும் ஒரே விஷயத்தைத்தானே வேற வார்த்தையில சொல்லுது?

பாதி உண்மை. பிஎம்பாக் ஒரு கையேடு. அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு வெளியிடுவது. நல்ல புராஜெக்ட் மேனேஜர்கள் கையாளும் வழக்கங்களையும் கருவிகளையும் தொகுத்துக் கொடுத்து, உன் வேலைக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள் என்கிறது. 2017இல் வந்த ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகள் இருந்தன. 2021இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த அமைப்பைக் கைவிட்டு 12 கோட்பாடுகளை முன்னால் வைத்தது.

பிரின்ஸ்2 ஒரு வழிமுறை. பிரிட்டிஷ் அரசின் கணினித் துறை 1989இல் உண்டாக்கிய பிரின்ஸ், 1996இல் எல்லாவகை வேலைக்கும் ஏற்றபடி பிரின்ஸ்2 ஆனது. பெயரின் விரிவாக்கமே ‘கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் புராஜெக்டுகள்’ என்றுதான் வரும். வேலையை எப்படிச் செய்வது என்பதைவிட, எந்த முடிவை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்பதில்தான் அதற்கு அக்கறை அதிகம். எல்லை உடையப் போவதை மட்டும் மேலே கொண்டுபோகும் எக்ஸெப்ஷனும், வேலையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி கொடுக்கும் ஸ்டேஜும் அதில் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும் கருவிகள் அல்ல. ஏழு கோட்பாடுகளில் இரண்டு அவை. விட்டுவிட்டால் அது பிரின்ஸ்2 புராஜெக்டே இல்லை.

அந்த ஐஸ் கம்பெனி உதாரணத்தை முதல்ல முழுசா சொல்லிடுங்க சார்.

பழைய கம்பெனி. உப்புக் கரைசல் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய டின்களை இறக்கி, 50 கிலோ ஐஸ் பார்களாக உறைய வைப்பார்கள். ஒரு தடவை உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். புது கம்பிரஸர் வைக்க வேண்டும், குழாய்களை மாற்ற வேண்டும், தொட்டியைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும், முடிந்தால் ஒரு ஐஸ் உடைக்கும் மெஷினும் வைக்க வேண்டும். மொத்தம் 86 லட்சம்.

கம்பெனியை மூடாமல் இந்த வேலை நடக்காது. மூடுவதற்கு ஆண்டில் ஒரே ஒரு காலம்தான் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் ஐஸ் கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஜூன் 15 விடியலில் படகுகள் கிளம்பும்போது ஐஸ் இல்லை என்றால், வாடிக்கையாளர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

ஸ்டேஜ் இப்படி: ஜனவரியில் தொடக்க ஸ்டேஜ், திட்டம் போடுவதற்கு. அடுத்தது முதல் வேலை ஸ்டேஜ், ஏப்ரல் 14 வரை: வரைபடம், ஆர்டர், சாமான் வந்து சேர்தல். இரண்டாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 3 வரை: பிரிப்பது, பொருத்துவது, பிரஷர் டெஸ்ட். இதற்கு 32 லட்சம். மூன்றாவது, ஜூன் 4 முதல் 10 வரை ஏழு நாள்: ஐஸ் உடைக்கும் மெஷினைப் பொருத்துவது, ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது.

ஆட்கள்: சொத்தும் கடனும் கம்பெனி முதலாளியான பெரியவர் பேரில். அவருடைய மூத்த மகன், முடிவெடுக்கும் குழுவான புராஜெக்ட் போர்டில் எக்ஸிக்யூட்டிவ், அதாவது போர்டுக்குள் கடைசிச் சொல் மகனுடையது; போர்டுக்கு மேலே பெரியவர். தினமும் ஐஸ் போடும் மேற்பார்வையாளர் பயன்படுத்துவோர் சார்பில் போர்டில் இருக்கிறார். குளிரூட்டும் கான்ட்ராக்டர் செய்துகொடுப்போர் சார்பில். தினசரி வேலையை நடத்துகிற புராஜெக்ட் மேனேஜர் ஓர் இளம் இன்ஜினியர். அவருக்குக் கீழே ஃபோர்மேன்.

டாலரன்ஸ் என்றால் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதுதானே?

பத்து சதவீதம் என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் போடுகிறார்கள். மேலே கேட்காமலே எவ்வளவு தூரம் திட்டத்திலிருந்து விலகலாம் என்ற அனுமதிதான் டாலரன்ஸ். அது இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

இந்த வேலையையே பாருங்கள். புராஜெக்ட் முடிய வேண்டிய நாள் ஜூன் 10. பெரியவர் கொடுத்த நேர டாலரன்ஸ் கூடுதல் 4 நாள், அதாவது ஜூன் 14. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. சீக்கிரம் முடிந்தால் யாருக்கும் கஷ்டமில்லை என்பதால் முன்பக்கம் தாராளமாக விட்டார். பணத்தில் கூடுதல் 5 லட்சம் வரை. ஐஸ் உடைக்கும் மெஷின் ‘இருந்தால் நல்லது’ என்று குறிக்கப்பட்டது, தள்ளிப்போட்டாலும் பாதகமில்லை. இது வேலையளவில் கொடுத்த டாலரன்ஸ். பார் ஒவ்வொன்றும் 50 கிலோ, ஒரு கிலோ வரை குறையலாம், இது தரத்தில்.

நேரம், செலவு, தரம், வேலையளவு, பலன், ரிஸ்க் என ஆறுக்கும் டாலரன்ஸ் போடலாம் என்பது பிரின்ஸ்2இன் 2017 பதிப்பு. 2023 பதிப்பு நிலைத்தன்மையை ஏழாவதாகச் சேர்த்தது. ஏழுக்கும் எண் போட்டே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். இங்கே உயிர் நேரத்தில் இருக்கிறது.

ஒரே டாலரன்ஸை எல்லாருக்கும் கொடுத்துட்டா போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் ஃபோர்மேன் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் தின்றுவிடலாம்.

மேலே இருந்து கீழே பிரித்துக் கொடுப்பதுதான் வழி. பெரியவர் புராஜெக்டுக்குக் கொடுப்பது 4 நாள், 5 லட்சம். அதிலிருந்து போர்டு இரண்டாவது ஸ்டேஜுக்குக் கொடுப்பது 2 நாள், 2 லட்சம். மீதி போர்டின் கையில். ஸ்டேஜுக்குள் இருப்பதை வைத்து மேனேஜர் ஃபோர்மேனுக்கு வேலைப் பொட்டலம் பிரித்துக் கொடுக்கிறார்: ‘தொட்டியைச் சுத்தம் செய்து பரிசோதிப்பது, ஆறு நாள், ஒரு நாள் கூடலாம்’ என்று.

யாருடைய எல்லை உடையப் போகிறதோ அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் போகிறார், அவ்வளவுதான். ஃபோர்மேனின் ஒரு நாள் போய்விட்டால் மேனேஜருக்குச் சொல்கிறார். மேனேஜரால் ஸ்டேஜின் 2 நாளுக்குள் அடைக்க முடிந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. மூத்த மகனுக்குப் போன்கூட வேண்டாம். மேனேஜரால் முடியாவிட்டால்தான் போர்டு, போர்டாலும் முடியாவிட்டால் பெரியவர். விதிவிலக்கானது மட்டும் மேலே ஏறும். எக்ஸெப்ஷன் வழியில் நிர்வகிப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். நேரமில்லாத பெரியவர்களின் நேரத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு.

டாலரன்ஸ் தாண்டிய பிறகுதானே எக்ஸெப்ஷன்?

இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். தாண்டப் போகிறது என்று கணிப்பு சொன்ன நிமிடமே எக்ஸெப்ஷன். தாண்டிய பிறகு சொல்வது வெறும் செய்தி. அதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது, எடுக்க வேண்டிய முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது.

நானே ஒருமுறை இதில் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு மென்பொருள் வேலையில் மூன்று வாரம் தாமதமாகும் என்று எனக்குத் தெரிந்த பிறகும், ‘அடுத்த வாரம் பிடித்துவிடலாம்’ என்று வைத்திருந்தேன். சொன்னபோது வாடிக்கையாளருக்குக் கோபம் தாமதத்தின் மேல் இல்லை. நமக்கு இருந்த மூன்று வழிகளில் இரண்டு அதற்குள் மூடிவிட்டன என்பதுதான் அவர் கோபம்.

இரண்டாவது ஸ்டேஜ் நடுவுல, மே மாசத்துல, தொட்டி அரிச்சுப் போயிருக்கறது தெரிய வந்தா? அதை வைத்து விளக்குங்க.

மே 6. கரைசலை வடித்துவிட்டு ஃபோர்மேன் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். நல்ல தகடு கணீர் என்று கேட்கும். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மொத்து மொத்தென்று கேட்கிறது. ஓர் இடத்தில் சுத்தியல் முனையே உள்ளே இறங்கிவிட்டது. வருடக்கணக்காக உப்புக் கரைசலில் கிடந்த இரும்பு. ஃபோர்மேன் மேனேஜரிடம் சொல்ல, அவர் அதைப் பிரச்சினைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அன்று மாலையே கணக்குப் போடுகிறார்.

முதல் வழி, அடித்தகடு முழுவதையும் மாற்றுவது. 9 நாள், 3.5 லட்சம். ஸ்டேஜ் ஜூன் 12இல் முடியும், பின்னால் ஏழு நாள் சோதனை, புராஜெக்ட் ஜூன் 19. ஜூன் 14 போய்விட்டது. இது போர்டின் கைக்கும் மேலே. பெரியவர் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

இரண்டாவது, கெட்டுப்போன பகுதியை மட்டும் இரவும் பகலுமாக இரண்டு ஷிஃப்டில் மாற்றுவது. 4 நாள், 2.8 லட்சம். ஸ்டேஜ் ஜூன் 7, புராஜெக்ட் ஜூன் 14. ஸ்டேஜின் 2 நாளும் 2 லட்சமும் உடைகின்றன. புராஜெக்டின் 4 நாளும் 5 லட்சமும் உடையவில்லை. ஆக, போர்டே முடிவெடுக்கலாம். ஆனால் கையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

மூன்றாவது, இரண்டாவதோடு ஐஸ் உடைக்கும் மெஷினைத் தள்ளிப்போடுவது. மெஷின் 1.2 லட்சம், அதைப் பொருத்த ஒதுக்கிய ஆட்கள் மூன்றாவது ஸ்டேஜில் இரண்டு நாளுக்குக் கிடைப்பார்கள். புராஜெக்ட் ஜூன் 12இல் முடியும், கூடுதல் செலவு மொத்தத்தில் 1.6 லட்சமாகக் குறையும்.

நான்காவது, ஒன்றும் செய்யாமல் அப்படியே கரைசலை நிரப்புவது. செலவு இல்லை. ஜூலையில் சீசன் நடுவே தொட்டி ஒழுகினால் கம்பெனியே நின்றுவிடும். இந்த வழியையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் போர்டில் யாராவது ஒருவர் கேட்பார்.

இவைதான் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட். என்ன நடந்தது, ஏன், விட்டால் என்ன ஆகும், வழிகள் என்னென்ன, மேனேஜர் எதைச் சொல்கிறார், இதிலிருந்து கற்றது என்ன. இரண்டு பக்கம் தாண்டினால் மூத்த மகன் படிக்கமாட்டார். மேனேஜர் மூன்றாவது வழியைச் சிபாரிசு செய்கிறார்.

போர்டு சரின்னு சொன்னதும் வேலையை ஆரம்பிச்சுடலாமா?

இல்லை, இன்னும் ஒரு படி இருக்கிறது. ரிப்போர்ட்டுக்குப் போர்டு பல விதமாகப் பதில் சொல்லலாம். டாலரன்ஸைக் கூட்டிக்கொடுத்து ‘போய்ப் பார்’ என்று சொல்லலாம், இன்னும் விவரம் கேட்கலாம், முடிவைத் தள்ளிவைக்கலாம், வேலையையே நிறுத்தச் சொல்லலாம். ‘எக்ஸெப்ஷன் பிளான் கொண்டு வா’ என்றும் கேட்கலாம். இங்கே கேட்டார்கள்.

எக்ஸெப்ஷன் பிளான், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டேஜ் பிளானின் மீதி நாட்களுக்குப் பதிலாக வருகிறது. தொட்டித் தகடு வேலையைச் சேர்த்து, இன்று முதல் ஜூன் 7 வரை. பழைய பிளானை அடித்துத் திருத்துவது இல்லை இது. ஸ்டேஜ் முடிவில் அடுத்த ஸ்டேஜின் பிளானைப் போர்டு முன் வைப்பார்களே, அதே வழியில் இதையும் தயாரித்து வைக்க வேண்டும். புராஜெக்ட் பிளான் புதுப்பிக்கப்படும். மெஷின் இல்லாமல் இந்தப் பணம் இன்னும் போடத்தக்கதா என்று வணிகக் காரணம் மறுபடி பார்க்கப்படும். போர்டு ஒப்புக்கொள்ளும்போது புது டாலரன்ஸும் கொடுக்கும். ஒரு நாள், அரை லட்சம் என்று. இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். டாலரன்ஸ் இல்லாத புதுப் பிளானோடு மேனேஜர் வெளியே வந்தால், மறுநாள் வெல்டிங் ராடு தீர்ந்தாலும் அவர் போர்டிடம்தான் ஓட வேண்டியிருக்கும்.

ஃபோர்மேனின் வேலைப் பொட்டலத்துக்கு எக்ஸெப்ஷன் பிளான் கிடையாது. அது ஸ்டேஜுக்கும் புராஜெக்டுக்கும் மட்டும். பொட்டலம் கெட்டால் மேனேஜர் அதைத் திருத்திக் கொடுக்கிறார்.

இதே மே 6ஐ பிஎம்பாக் வழியில வேலை செய்யறவர் எப்படிக் கையாளுவார்?

நல்ல மேனேஜராக இருந்தால் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து சேர்வார். வழி வேறு.

முதலில் ரிஸ்க் பதிவேட்டைப் பார்ப்பார். ‘தொட்டி அரித்திருக்கலாம்’ என்று முன்பே எழுதி அதற்குத் தற்செயல் கையிருப்பு ஒதுக்கியிருந்தால், அந்தப் பணத்தைத் தானே எடுத்துச் செலவு செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம். எழுதாத விஷயம் என்றால் நிர்வாகக் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும், அது வேலைக்குப் பணம் கொடுக்கிற ஸ்பான்சர் கையில். அப்படி என்றால் மாற்ற விண்ணப்பம் எழுதி, மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு வழியாகப் போய், அடிப்படைத் திட்டத்தையே திருத்திக்கொள்வார்.

சாதாரண நாட்களில் அவர் கண் வைத்திருப்பது ஈட்டிய மதிப்பின் மேல், அதாவது முடிந்த வேலை பட்ஜெட் கணக்கில் எவ்வளவு பெறும் என்பதன் மேல். PV என்பது அன்றைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு, EV உண்மையில் முடிந்த வேலையின் மதிப்பு, AC ஆன செலவு, BAC மொத்த பட்ஜெட், ETC மீதி வேலைக்கு ஆகும் செலவு, EAC முடிவில் ஆகப்போகும் மொத்தச் செலவு. SPI ஒன்றை ஒட்டி இருந்தால் நேரம் சரி, CPI ஒன்றை ஒட்டி இருந்தால் செலவு சரி. மே 6 அன்று, 50 நாள் ஸ்டேஜின் 22ஆம் நாளில், நம் வேலை லட்சத்தில் இப்படி இருக்கிறது:

```
PV = 13.0   EV = 12.8   AC = 12.9   BAC = 32.0
SPI = EV / PV = 0.98
CPI = EV / AC = 0.99
EAC = BAC / CPI = 32.25
```

எல்லாம் பச்சை. (நம்மூரில் CPI என்று சொன்னால் செங்கொடிக் கட்சி என்று நினைப்பார்கள், வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒருவர் சிரிப்பார்.) கணக்கு பொய் சொல்லவில்லை. அது நேற்று வரை நடந்ததைத்தான் சொல்கிறது. சுத்தியல் முனை உள்ளே போனது அதற்குத் தெரியாது. அதைத் தெரிவிக்க, மீதி வேலையைக் கீழிருந்து மறுபடி மதிப்பிட வேண்டும்:

```
EAC = AC + ETC = 12.9 + (19.2 + 2.8) = 34.9
```

32.25 இல்லை, 34.9. ஸ்டேஜுக்கு அனுமதித்த 34ஐத் தாண்டுகிறது. இந்தக் கீழிருந்து மதிப்பிடும் வழியும் பிஎம்பாக் கையேட்டிலேயே இருக்கிறது, கையேட்டின் மேல் குறையில்லை. நடைமுறையில் ஆட்கள் முதல் சூத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் எக்செல் அதைத் தானே போட்டுவிடும். பிரின்ஸ்2 ‘உன் எல்லை உடையுமா?’ என்ற ஒரே கேள்வியை முன்னால் வைப்பதால் மேனேஜர் முன்னோக்கிப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

அப்போ பிஎம்பாக்ல டாலரன்ஸே இல்லையா?

இருக்கிறது, பெயர் வேறு. செலவுத் திட்டத்திலும் கால அட்டவணைத் திட்டத்திலும் ‘கட்டுப்பாட்டு வரம்பு’ என்று வரும்; விலகல் அதைத் தாண்டினால் நடவடிக்கை எடு என்பார்கள். டாலரன்ஸ் என்ற சொல்லே வந்தால் பெரும்பாலும் தர அளவைக் குறிக்கும், நம் 50 கிலோ பார் ஒரு கிலோ குறையலாம் என்பதைப் போல. இரு பக்கமும் வேலை பார்த்தவர்கள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் இந்தச் சொல் ஒன்றே அரை மணி நேரத்தைத் தின்னும்.

பெரிய வித்தியாசம், அந்த வரம்பு யாருக்கும் யாருக்கும் நடுவே என்பதில். கட்டுப்பாட்டு வரம்பு பெரும்பாலும் எண்ணுக்கு வைக்கும் மணி. பிரின்ஸ்2 டாலரன்ஸ் இரண்டு பேருக்கு நடுவே உள்ள ஒப்பந்தம். அதற்குள் இருக்கும் வரை மேலே இருப்பவர் தலையிடுவதில்லை என்று அவரும் வாக்குக் கொடுக்கிறார்.

கையிருப்புப் பணமும் டாலரன்ஸும் ஒன்றுதானே? பணம் எங்கிருந்து வந்தால் என்ன?

ஒன்றில்லை. ‘வாசலில் ஒரு ஷெட் போடலாமே’ என்று மேற்பார்வையாளர் நடுவில் கேட்டால், அது புதுக் கோரிக்கை. அதற்கென்று மாற்ற பட்ஜெட் தனியாக வைப்பார்கள். தெரிந்த ஆபத்தைத் தடுக்கச் செலவு செய்தால், உதாரணமாக ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வைத்தால், அது ரிஸ்க் பட்ஜெட். டாலரன்ஸ் இரண்டுக்கும் இல்லை. எவ்வளவு சரியாக மதிப்பிட்டாலும் அங்கே இங்கே இழுக்கும், அந்த இழுவைக்குத்தான். மூன்றையும் ஒரே உண்டியலில் போட்டால் ஷெட் போட்ட அன்றே தொட்டிக்கான இடம் போய்விடும். நான் பார்த்த வேலைகளில் டாலரன்ஸ் காணாமல் போவது பெரும்பாலும் இந்த ‘சின்ன’ ஷெட்டுகளில்தான்.

ஸ்டேஜ் எல்லையை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்வது? மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?

மாதக் கணக்கில் வைப்பது சம்பளத்துக்குப் பொருந்தும். எல்லையை, திரும்பி வர முடியாத இடத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள்.

நம் வேலையில் அது ஏப்ரல் 14. அதுவரை செய்தது வரைபடம், ஆர்டர், சாமான் வந்து சேர்வது. இவ்வளவும் செய்த பிறகும் இந்த வருடம் வேண்டாம் என்று நிறுத்தலாம். பழைய கம்பிரஸர் இன்னும் ஓடுகிறது, ஐஸ் போடலாம். ஏப்ரல் 15 காலை பழைய குழாயை அறுத்துவிட்டால் திரும்ப முடியாது. ஆகவே அந்த அறுப்புக்கு முன்னால் போர்டு உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: கம்பிரஸர் வந்து இறங்கிவிட்டதா? கான்ட்ராக்டர் ‘லாரி கிளம்பிவிட்டது’ என்றால், எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

கம்பிரஸர் வரவில்லையென்றால், அடுத்த ஸ்டேஜுக்கு அனுமதி தராமல் இருக்கப் போர்டுக்கு உரிமை உண்டு. ஸ்டேஜ் எல்லையின் சக்தி இந்த மறுப்பில்தான். போர்டு ஒரு நேரத்தில் ஒரு ஸ்டேஜுக்குத்தான் பணத்தையும் ஆட்களையும் ஒப்படைக்கிறது. அனுமதி இல்லாமல் மேனேஜர் அடுத்த ஸ்டேஜுக்குள் கால் வைக்கக் கூடாது.

எல்லைக்கான வேலையை ஏப்ரல் 14 அன்று தொடங்கக் கூடாது. அடுத்த ஸ்டேஜ் பிளான், புதுப்பித்த புராஜெக்ட் பிளான், வணிகக் காரணம், முடியும் ஸ்டேஜின் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்க, ஏப்ரல் முதல் வாரத்திலேயே மேனேஜர் உட்கார வேண்டும். தமிழ்ப் புத்தாண்டு அன்று போர்டைக் கூட்ட நினைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிஎம்பாக்ல வர்ற ஃபேஸ் கேட் இதுதானே?

அண்ணன் தம்பி. ஃபேஸ் முடிவில் தொடரலாமா, திருத்தலாமா, நிறுத்தலாமா என்று பார்ப்பது அங்கேயும் உண்டு. ஆனால் ஃபேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளலாம்: வடிவமைப்பு முடியாமலே கட்டுமானம் தொடங்கும். பிரின்ஸ்2 இங்கே இரண்டைப் பிரிக்கிறது. தொழில்நுட்ப வேலைகள் எப்படி வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளட்டும். நிர்வாக ஸ்டேஜ்கள் ஏறக் கூடாது, ஏறினால் எந்த ஸ்டேஜுக்கு அனுமதி கொடுத்தோம் என்பதே குழம்பிவிடும். குழாய் வரைபடத்தின் கடைசித் திருத்தம் மே மாதம் வரை இழுக்கலாம். அது இரண்டாவது ஸ்டேஜ் பிளானில் ஒரு வேலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடக்க ஸ்டேஜும் ஒரு ஸ்டேஜ்தான் என்பதால், எவ்வளவு சிறிய வேலைக்கும் குறைந்தது இரண்டு.

எக்ஸெப்ஷன் வரலைன்னா போர்டுக்கு ஒன்னுமே தெரியாம போயிடாதா?

அதற்குத்தான் ஹைலைட் ரிப்போர்ட். போர்டு கேட்ட இடைவெளியில், நம் வேலையில் வாரம் ஒன்று, ஒரு பக்கம்: எங்கே நிற்கிறோம், டாலரன்ஸில் எவ்வளவு மிச்சம். அதைப் படித்துவிட்டு மூத்த மகன் சும்மா இருப்பதுதான் கடினம்.

இந்த முறை கெட்டுப்போவதை இரண்டு அடையாளத்தில் கண்டுபிடிக்கலாம். மேனேஜர் தினமும் ‘அண்ணே, இதைச் செய்யட்டுமா’ என்று போன் போட்டால் டாலரன்ஸ் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஒரு எக்ஸெப்ஷனும் வராமல் ஸ்டேஜ் முடிவில் மட்டும் பெரிய தொகை வெளிவந்தால், டாலரன்ஸ் எவ்வளவு என்று மேனேஜருக்கே தெரிந்திருக்கவில்லை, அல்லது சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்திருக்கிறார். இரண்டாவது வகை எனக்கு அதிகம் கண்ணில் பட்டிருக்கிறது. முதல் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் வரும்போது போர்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்துத்தான் மேனேஜர் இரண்டாவதை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

ஃபெஞ்சல் மாதிரி புயல் வந்தா? ரிப்போர்ட் எழுதிக்கிட்டா உட்கார முடியும்?

எழுத வேண்டாம், போன் போடுங்கள். அவசரம் என்றால் எக்ஸெப்ஷனை முதலில் வாயால் சொல்லிவிட்டு, பின்னால் எழுத்தில் கொடுக்கலாம். பிரின்ஸ்2 வழிமுறையிலேயே அதற்கு அனுமதி உண்டு.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்படி ஒரு நாள் கூரை பிரித்த நிலையில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தால், தார்ப்பாய் கட்டுவதும் கரண்டை நிறுத்துவதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதும் மேனேஜர் யாரையும் கேட்காமல் செய்ய வேண்டியவை. புயல் வருவதே எக்ஸெப்ஷன் ஆகிவிடாது. மூன்று நாள் வேலை நிற்கும், டாலரன்ஸ் ஐந்து நாள் என்றால் ஹைலைட் ரிப்போர்ட்டில் ஒரு வரி போதும். டாலரன்ஸ் இரண்டு நாள் என்றால், எச்சரிக்கை வந்த அன்றே, மழை தொடங்கும் முன்பே, எக்ஸிக்யூட்டிவுக்குப் போன் போக வேண்டும். தண்ணீர் வடிந்ததும் சேதத்தைப் பார்த்து, வழிகளையும் தொகைகளையும் எழுதி அனுப்பலாம்.